பேச அழைத்தார்கள், போக இயலவில்லை: மறுப்புக் கடிதமும் மாற்றுப் பேச்சாளரும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழைப்பைப் படித்தபோதே போக முடியாது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கே மறுத்தால் யோசிக்காமல் தட்டிக்கழித்தது போலத் தெரியாதா? நான்கைந்து நாள் கழித்து எழுதட்டுமா?

அன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் எழுதினாலும் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

நான் குரல் சிகிச்சை அளிப்பவள். பேச அழைப்புகள் வரும். சில ஆண்டுகள் ஒரு தொழில்முறைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஏற்பாட்டாளரை வருத்துவது மறுப்பு அல்ல, மௌனம் என்று. ஒரே அமர்வுக்கு இரண்டு பேரை அழைக்க முடியாது. முதல் ஆள் பதில் சொல்லும் வரை அடுத்தவரிடம் வாய் திறக்க வழியில்லை. நீங்கள் மரியாதைக்காகக் கழிக்கும் ஐந்து நாளும் உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவரின் தயாரிப்பு நேரத்திலிருந்துதான் கழிகிறது.

சீக்கிரம் எழுதினால் அலட்சியமாகத் தெரியும் என்ற பயத்துக்கு மருந்து காலதாமதம் அல்ல, கடிதத்தின் உள்ளடக்கம். அழைப்பில் சொல்லப்பட்ட ஒரு விவரத்தை உங்கள் பதில் தொட்டுப் பேசினால், பத்து நிமிடத்தில் எழுதியதாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பதிலாக யாரையாவது சொல்லிவிட்டு மறுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆள் கிடைக்கும் வரை பதிலை நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. மறுப்பதும் மாற்று ஆளைக் காட்டுவதும் இரண்டு தனி வேலைகள். முதலாவது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது இன்னொருவரின் சம்மதத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கட்டினால், அந்த இன்னொருவர் ஊரில் இல்லாத ஒரு வாரமும் ஏற்பாட்டாளர் இருட்டில் நிற்பார்.

ஒரே நாளில் சம்மதம் கிடைத்தால் ஒரே கடிதம் போதும். கிடைக்காவிட்டால் மறுப்பை முதலில் அனுப்பிவிட்டு, “பொருத்தமான ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் அவருடைய விருப்பத்தைத் தெரிவிக்கிறேன். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை” என்று எழுதலாம். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் மறுப்பே இன்னொரு காத்திருப்பாக மாறிவிடும். வியாழக்கிழமை வந்தும் ஆள் அமையவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

மாற்றுப் பேச்சாளரிடம் முதலில் கேட்க வேண்டுமா? அவருக்கு இது நல்ல வாய்ப்புதானே, பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொன்னால் என்ன?

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்துக்கு மறுப்பு எழுதும்போது, என்னோடு பணிபுரிந்த ஒருவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் நல்லெண்ணத்தோடு சேர்த்து அனுப்பினேன். அவர் அப்போது மேடைப் பேச்சையே சிறிது காலம் நிறுத்தியிருந்தார். ஏற்பாட்டாளர் அவரை அழைத்து, “நீங்கள் வருவீர்கள் என்று சொன்னார்கள்” என்று தொடங்கியிருக்கிறார். நான் எழுதியது அதுவல்ல. ஆனால் ஒரு பரிந்துரை இரண்டு கை மாறும்போது வாக்குறுதியாகிவிடுகிறது. அவர் என்னிடம் கோபிக்கவில்லை; அடுத்த முறை என் அழைப்பை எடுக்கச் சற்று நேரமானது, அவ்வளவுதான்.

அதனால் இப்போது என் வழக்கம் இது: பெயர் போவதற்கு முன் சம்மதம், எண் போவதற்கு முன் தனிச் சம்மதம். கேட்கும்போது அவர் மறுப்பதற்கு வேண்டிய வசதியையும் செய்து தருகிறேன். முடிவெடுக்கத் தேவையான விவரங்கள் எல்லாம் அந்த முதல் செய்தியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கேட்க, நான் ஏற்பாட்டாளரிடம் கேட்க, அவர் எனக்குச் சொல்ல, நான் திரும்பிச் சொல்ல என்று மூன்று நாள் போய்விடும்.

ஆசிரியர்களுக்கான குரல் நலக் கருத்தரங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அழைப்பு பிப்ரவரி 6 அன்று வருகிறது. நிகழ்ச்சி மார்ச் 14. சுமார் 200 ஆசிரியர்கள்; 40 நிமிட உரை, 20 நிமிடக் கேள்வி நேரம். அன்றைக்கு என்னால் இயலாது. முன்பு வகுப்பறையில் பாடம் நடத்திவிட்டுப் பின்னர் குரல் சிகிச்சைக்கு வந்த ஒரு சகா நினைவுக்கு வருகிறார். அவருக்கு நான் அனுப்பும் செய்தி:

> வணக்கம். மார்ச் 14 காலையில் ஆசிரியர்களுக்கான குரல் நலக் கருத்தரங்கில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அன்று என்னால் போக இயலாது. சுமார் 200 பேர். 40 நிமிட உரை, பிறகு 20 நிமிடம் கேள்விகள். பயணச் செலவு தருவதாக எழுதியிருக்கிறார்கள். மதிப்பூதியம் பற்றி எதுவும் இல்லை. உரையை ஒளிப்பதிவு செய்வார்களாம். நீங்களே வகுப்பறையில் நின்று பேசியவர் என்பதால் உங்கள் நினைவு வந்தது. உங்கள் பெயரைச் சொல்லலாமா? சொன்னாலும் அவர்கள் அழைப்பார்களா என்பது அவர்கள் முடிவு. விருப்பமில்லை என்றால் ஒரு வார்த்தை போதும், காரணம் வேண்டாம். நாளை மாலைக்குள் தெரிந்தால் நல்லது.

இதில் இரண்டு வாக்கியங்களை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். “அழைப்பார்களா என்பது அவர்கள் முடிவு” என்பது அவரை ஏமாற்றத்திலிருந்து காக்கிறது. அவர் அன்றைய நாளை ஒதுக்கிவைத்துவிட்டுக் காத்திருக்க மாட்டார். “காரணம் வேண்டாம்” என்பது, மூத்தவள் கேட்கிறாளே என்ற தயக்கத்தில் அவர் தலையாட்டிவிடாமல் தடுக்கிறது. இளையவர்களிடம் கேட்கும்போது இந்த இரண்டாவது வாக்கியம் மிகவும் அவசியம்.

சரி, அவர் சம்மதித்துவிட்டார். ஏற்பாட்டாளருக்கு என்னதான் எழுதுவது?

மேலே சொன்ன கருத்தரங்குக்கே எழுதுவோம். சகா மறுநாள் காலையில் சம்மதம் சொல்லிவிட்டார். எண் வேண்டாம், மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள் என்கிறார். பிப்ரவரி 7 அன்று போகும் கடிதம்:

> பொருள்: மார்ச் 14 குரல் நலக் கருத்தரங்கு – பங்கேற்க இயலாமை, மாற்றுப் பேச்சாளர்
>
> மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். கருத்தரங்கில் பேச என்னை அழைத்தமைக்கு நன்றி. அன்றைக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை ஒன்று இருப்பதால் என்னால் வர இயலாது.
>
> சிகிச்சைக்கு வரும் ஆசிரியர்கள் பலரும் குரல் கெட்ட பிறகுதான் வருகிறார்கள். கெடுவதற்கு முன்பே அவர்களைக் கூட்டிப் பேச நீங்கள் எண்ணியதும், கேள்விகளுக்கென்று 20 நிமிடம் ஒதுக்கியதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.
>
> இந்தத் தலைப்பில் பேச என் சகா ஒருவரைப் பரிந்துரைக்கிறேன். வகுப்பறையில் பாடம் நடத்திய அனுபவம் உள்ள குரல் சிகிச்சையாளர் அவர். ஆசிரியர்களுக்காக அவர் நடத்திய இரண்டு பயிற்சிகளில் நான் உடனிருந்திருக்கிறேன். சத்தமான வகுப்பில் தொண்டையை இறுக்காமல் பேசுவது எப்படி என்று நின்று செய்து காட்டுவார். அவரிடம் பேசிவிட்டேன், அன்றைய தேதி அவருக்கு வசதிப்படும், நீங்கள் தொடர்புகொள்வதில் அவருக்கு மகிழ்ச்சி. அவருடைய பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கீழே தந்திருக்கிறேன். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் தயங்க வேண்டாம். அழைப்பை உறுதி செய்யும் வரை அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.
>
> கருத்தரங்கு சிறப்பாக நடக்க வாழ்த்துகள்.
>
> அன்புடன்,

மறுப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பாராட்டு அதற்குப் பின்னால்தான். ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்துவிட்டு “ஆயினும்” என்று திரும்பும் கடிதங்களை நான் நிறையப் பெற்றிருக்கிறேன். அவற்றைப் படிக்கும்போது கண் தானாகவே அந்த “ஆயினும்” எங்கே என்று தேடும். நடுவில் இருந்த பாராட்டு ஒரு வார்த்தைகூட மனத்தில் பதியாது. முடிவு தெரிந்த பிறகு வரும் பாராட்டில்தான் மனம் நிற்கிறது. அந்தப் பாராட்டைக் கொண்டு எதையும் சாதிக்க வேண்டியதில்லை என்பதால் அது நம்பும்படியாகவும் இருக்கிறது.

பொருள் வரியில் “இயலாமை” என்று வெளிப்படையாக எழுதத் தயங்க வேண்டாம். ஏற்பாட்டாளர் பயணத்தில் இருந்தாலும் அந்த ஒரு வரியே அவருக்குப் போதும்.

நன்றி சொல்லும் இடத்தில் “பெருமைக்குரிய வாய்ப்பு”, “பெரும்பாக்கியம்” என்றெல்லாம் எழுதினால் போலியாக இருக்கிறது. எழுதாவிட்டால் வறட்டுத்தனமாக இருக்கிறது.

உங்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுங்கள். “எனக்குக் கிடைத்த பெருமை” என்பது எந்த அழைப்புக்கும் பொருந்தும். “கேள்விகளுக்கு 20 நிமிடம் வைத்திருக்கிறீர்கள்” என்பது இந்த ஒரு அழைப்புக்குத்தான் பொருந்தும். அப்படி ஒரு விவரம் கிடைத்தால் இரண்டு வாக்கியம் போதும். அழைப்பு எல்லோருக்கும் அனுப்பிய அச்சுப்படியாக இருந்து, அதில் அப்படி எதுவுமே இல்லை என்றால் எளிய நன்றி ஒன்று போதும்.

காரணத்தை எவ்வளவு சொல்வது?

ஒரு வாக்கியம். “ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை”, “குடும்பப் பொறுப்பு”, “இந்த ஆண்டு வெளி நிகழ்ச்சிகளைக் குறைத்திருக்கிறேன்” என்பவை போதுமானவை. விவரம் கூடக் கூட அது பேரம் பேசும் இடமாகிவிடும். பயணம் சிரமம் என்றால் காரில் அழைத்துவருகிறோம் என்பார்கள்; காலை முடியாது என்றால் மாலைக்கு மாற்றுகிறோம் என்பார்கள். அவர்கள் மாற்றினால் நீங்கள் உண்மையிலேயே போவீர்கள் என்றால் மட்டும் அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

உடல்நலத்தைக் கற்பனையாகச் சொல்லாதீர்கள். அதே நாளில் இன்னொரு மேடையில் எடுத்த புகைப்படம் அன்று மாலையே எங்கேயாவது வந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: பொய்க் காரணத்தை உங்கள் மாற்றுப் பேச்சாளரும் சுமக்க வேண்டியிருக்கும். “அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று மேடையருகே அவரிடம்தான் கேட்பார்கள்.

எத்தனை பெயர் சொல்லலாம்? எனக்குத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

ஒன்று. கூடினால் இரண்டு, அதுவும் இருவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி. ஐந்து பெயர் கொடுப்பது உதவி போலத் தோன்றினாலும், தேர்ந்தெடுக்கும் வேலையை அப்படியே ஏற்பாட்டாளர் தலையில் இறக்கிவைப்பதுதான் அது. ஐந்து பேரிடமும் நீங்கள் சம்மதம் கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

தேர்வில் நான் பார்ப்பது, அந்த அமர்வு கேட்கும் வேலையை அவர் செய்வதை நானே பார்த்திருக்கிறேனா என்பதை. நன்றாக ஆய்வு செய்பவர் 200 பேர் முன்னால் நன்றாகப் பேசுவார் என்று சொல்ல முடியாது. மேடையில் வெளுத்துவாங்குபவர் கேள்வி நேரத்தில் பொறுமை இழப்பதும் உண்டு. பாதி நேரம் கேள்விகளுக்குப் போகும் அமர்வு என்றால் அவரை நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்த்ததில்லை என்றால் அதை மறைக்காமல், “இவருடைய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், பேசிக் கேட்டதில்லை” என்று எழுதிவிடுங்கள். ஏற்பாட்டாளர் ஒரு முறை தொலைபேசியில் பேசிப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

இன்னொன்று. அழைப்பு வரும்போதெல்லாம் அதே ஒருவரைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மேடை கிடைக்காதவர்கள் பெரும்பாலும் நம் நினைவின் மேலடுக்கில் இருப்பதில்லை. சற்று உட்கார்ந்து யோசித்தால்தான் வருவார்கள்.

மதிப்பூதியம் பற்றி நான் பேசலாமா?

மாற்றுப் பேச்சாளரின் சார்பில் பேரம் பேசாதீர்கள். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையை அவரிடம் தெரிவித்துவிடுங்கள். இதை நான் உறுதியாகச் சொல்வேன். மூத்த பேச்சாளருக்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, அவருக்குப் பதிலாக வரும் இளையவரிடம் “பயணச் செலவு தருவோம்” என்று நிறுத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஏற்பாட்டாளர் அதைச் சொல்லாமல் இருக்கலாம். தொகை இளையவருக்குத் தெரிந்திருந்தால் கேட்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

பரிந்துரைத்ததற்காக நீங்கள் பங்கு வாங்குவது பற்றியும் ஒரு முறை என்னிடம் கேட்டார்கள். வாங்காதீர்கள்.

அவர்களுக்கு வேண்டியது என் துறை அல்ல, என் பெயர். சிறப்பு விருந்தினராக அழைக்கிறார்கள். அப்போதும் வேறொருவரைச் சொல்லலாமா?

அவர்களாகக் கேட்காமல் சொல்லாதீர்கள். அழைப்பில் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பும் நேரமும் குறித்து எழுதியிருந்தால் அவர்களுக்கு வேண்டியது உரை. வேறொருவரால் அதைத் தர முடியும். “தங்கள் வருகையால் விழா சிறக்கும்” என்று மட்டும் இருந்தால் வேண்டியது ஆள். அங்கே உங்களுக்குப் பதில் உங்கள் சகாவை அனுப்பினால் இரண்டு தரப்புக்கும் சங்கடம். பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது என்றே தெரியாமல் நிற்பார்கள். அத்தகைய அழைப்புக்கு நன்றியோடு மறுத்துவிட்டு, “வேறு யாரையாவது யோசிக்க நான் உதவ முடியும் என்றால் சொல்லுங்கள்” என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மறுத்த பிறகும் விடுவதில்லை. “பத்து நிமிடம் காணொளியில் வந்தால்கூடப் போதும்” என்கிறார்கள்.

மாற்றுப் பேச்சாளரை ஏற்கெனவே சொல்லியிருந்தால் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பத்து நிமிடம் அவருடைய 40 நிமிடத்தைத் துணை நிகழ்ச்சியாக்கிவிடும். “காணொளியிலும் இயலாது. நான் சொன்னவரை அழைப்பது பற்றி முடிவு செய்ததும் அவருக்கே எழுதுங்கள்” என்று சுருக்கமாகப் பதில் எழுதலாம். இரண்டாம் முறை மறுக்கும்போது புதிய காரணம் சேர்க்க வேண்டாம். முதல் காரணம் பொய்யோ என்று தோன்றும்.

ஒப்புக்கொண்டு, அழைப்பிதழில் பெயரும் அச்சாகிவிட்டது. இப்போது போக முடியவில்லை.

இதற்குக் கடிதம் போதாது. முதலில் தொலைபேசியில் அழையுங்கள், பிறகு பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். காரணமும் இங்கே கொஞ்சம் விரிவாகவே தேவை, ஏனென்றால் அவர்கள் அதை மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மாற்று ஆளைத் தேடுவது இப்போது உங்கள் தாராள மனம் அல்ல, கடமை. நீங்கள் தயாரித்து வைத்த குறிப்புகளையும் படவில்லைகளையும் அவருக்குக் கொடுக்க முன்வாருங்கள். பயன்படுத்துவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். இன்னொருவர் தயாரித்த வில்லைகளை வைத்துப் பேசுவது அளவு பொருந்தாத செருப்பில் நடப்பது போல இருக்கும் என்பதால் பலர் வேண்டாம் என்பார்கள்.

அறிவிப்பில் எப்படிப் போடுவது என்றும் அப்போதே பேசிவிடுங்கள். “இன்னாருக்குப் பதிலாக” என்று ஒரு மனிதரை மேடையில் அறிமுகம் செய்யாமல், அவருடைய தகுதியைச் சொல்லி அறிமுகம் செய்யுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்புக்கு நான் ஒருபோதும் போகப் போவதில்லை. அவர்கள் நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பிடிக்காது. அப்போதும் ஆள் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் போகத் தயங்கும் மேடைக்கு இன்னொருவரை அனுப்புவது பரிந்துரை ஆகாது. மறுப்பில் “அடுத்த முறை பார்க்கலாம்” என்ற வாலையும் சேர்க்காதீர்கள். அடுத்த ஆண்டு சரியாக வந்து நிற்பார்கள். “அழைப்புக்கு நன்றி. என்னால் பங்கேற்க இயலாது” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயரைக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. அவர்கள் என் சகாவைத் தொடர்புகொள்ளவே இல்லை. நான் கேட்கலாமா?

ஒரு முறை கேட்கலாம், ஏற்பாட்டாளரிடம் மட்டும்: “அவர் அந்த நாளை வேறு வேலைக்குக் கொடுக்கலாமா என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.” ஏன் அழைக்கவில்லை என்று கேட்பதைவிட இதற்குப் பதில் எளிதில் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் சகாவிடம், நாளை ஒதுக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் மேலே எடுத்துக்கொண்ட கருத்தரங்கு போன்ற ஒன்றில் நிஜமாகவே இப்படி நடந்தது. ஏற்பாட்டாளர்கள் பதிலே சொல்லாமல், தங்களுக்குத் தெரிந்த ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரை அழைத்துக்கொண்டார்கள். சகாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “நல்லது, அன்றைக்கு என் மகளின் பள்ளியில் விளையாட்டு விழா” என்றார்.